காரைக்குடி விடுதி அறையிலும் பிரான்மலை உச்சியிலும் டிகாக்‌ஷன் காபி: ஏரோபிரஸ் வழிகாட்டி

செட்டிநாட்டுக்குப் போகிறவர்களுக்குக் காபி கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. காரைக்குடியில் எந்தத் தெருவில் இறங்கினாலும் நல்ல காபி உண்டு. சிக்கல் விடியற்காலையில்தான். கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ ஒரு பழைய வீட்டு விடுதியில் தங்கினால் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும், சமையற்கட்டு ஏழு மணிக்குத்தான் திறக்கும். அறையில் இருப்பது ஒரு மின் கெட்டிலும், இன்ஸ்டன்ட் காபித்தூள் பொட்டலம் இரண்டும், பால்பவுடரும். அந்தக் கெட்டிலைத் தவிர மற்றதை ஒதுக்கி வைத்துவிட்டு, நம் ஊர் சிக்கரி கலந்த தூளிலேயே திக்கான டிகாக்‌ஷன் இறக்கிப் பால் காபி போடுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

கருவி ஏரோபிரஸ். பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ரப்பர் முனையோடு இறங்கும் தள்ளுகோல், அடியில் திருகும் ஓட்டை மூடி, அதற்குள் வட்டக் காகிதம். இவ்வளவுதான். உடையாது, பையில் பழத்தோடு கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரையே எடுத்துப்போகலாமே என்றால் போகலாம். ஆனால் அதில் டிகாக்‌ஷன் இறங்க இருபது நிமிடம், சில தூளுக்கு அதற்கும் மேல் ஆகும். இறங்குவதற்குள் ஆறியும் போகும். வீட்டில் அடுப்பு இருப்பதால் சூடான பால் அந்தக் குறையை மூடிவிடுகிறது. அறையில் அடுப்பு இல்லை. அதனால் மூன்று நிமிடத்தில் சூடாக இறங்கும் டிகாக்‌ஷன்தான் இங்கே நமக்குத் தோது.

ஏரோபிரஸ் பற்றி இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் சிக்கரி இல்லாத, பால் சேர்க்காத காபிக்கானவை. அவற்றை அப்படியே நம் தூளுக்குப் பின்பற்றினால் தள்ளுகோல் பாதி வழியில் நின்றுவிடும். காரணத்தைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

தூள்

சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். காபித்தூள் அப்படி ஆகாது. மணல் போலத் தனித்தனியாக இருந்து நடுவே தண்ணீருக்கு வழிவிடும். சிக்கரி கூடக்கூட அந்த வழி அடைபடும். கூடவே ஃபில்டருக்கு அரைக்கும் தூள் மாவுபோல நைசாக இருந்தால், அது காகிதத்தின் மேல் ஒரு பூச்சாகப் படிந்துவிடும். பித்தளை ஃபில்டரில் இது பிரச்சினை இல்லை. அங்கே அவசரம் இல்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஏரோபிரஸில் நாம் தள்ளுகிறோம். தள்ளத் தள்ள அந்தப் பூச்சு இன்னும் இறுகும்.

ஆகவே காபிக்கடையில் அரைத்து வாங்கும்போதே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, சிக்கரி விகிதம்: எண்பதுக்கு இருபது, அதற்கு மேல் வேண்டாம். இரண்டாவது, அரைக்கும் பதம். ஏரோபிரஸ் என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியாமல் போகலாம். "அண்ணே, ஃபில்டருக்கு அரைக்கிறதைவிடக் கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சுத் தாங்க" என்றால் புரியும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மைதாபோல வழுக்கக் கூடாது. உப்புத்தூள்போல நறநறப்பு தெரிய வேண்டும். ரவை அளவுக்குப் போய்விட்டால் அதிகம், டிகாக்‌ஷன் தண்ணியாகிவிடும். சிக்கரி பெரும்பாலும் தனியாகத் தூளாகவே வரும், அதைக் கொரகொரப்பாக்க முடியாது. நாம் பதம் சொல்வது கொட்டைக்கு மட்டுந்தான்.

பாக்கெட் தூள்தான் கையில் இருக்கிறதென்றால் அதன்மேல் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதால், 49 சதவீதம் வரை சிக்கரி உள்ள பாக்கெட்டுகளும் கடையில் உண்டு. அவை ஏரோபிரஸுக்கு ஆகாது. முப்பது சதவீதம் வரை சமாளிக்கலாம். அதற்கான வழியைக் கீழே சொல்கிறோம்.

எடை பார்க்கத் தராசு தேவையில்லை. 100 கிராம் பொட்டலம் வாங்கி, அதை ஆறு சம பங்காகப் பிரித்து ஆறு சிறு ஜிப் உறையில் போட்டுவிடுங்கள். பங்குக்கு 16 அல்லது 17 கிராம் வரும். ஒரு பங்கு இரண்டு டபரா காபிக்குச் சரி. தூளைப் பிரித்து மூடி வைப்பதில் இன்னொரு லாபம், ஒவ்வொரு முறையும் முழுப் பொட்டலத்தையும் திறந்து வாசனையைப் பறக்கவிட வேண்டியதில்லை.

தண்ணீரும் கெட்டிலும்

காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு நல்ல பெயர். ஆனால் உங்கள் விடுதிக் குழாயில் வருவது அதுதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் ஆழ்குழாய்த் தண்ணீராகத்தான் இருக்கும். கெட்டிலுக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதுவே சாட்சி. கடினத் தண்ணீரில் போட்ட காபி மந்தமாக, சாக்பீஸ் வாயில் பட்டதுபோல இருக்கும். குடிக்கத் தருகிற கேன் தண்ணீரையே காபிக்கும் ஊற்றுங்கள். பாலைச் சூடாக்கும் வேலைக்குக் குழாய்த் தண்ணீரே போதும்.

முதல் கொதியைக் கொட்டிவிடுவது கட்டாயம். முந்தைய விருந்தினர் அந்தக் கெட்டிலில் நூடுல்ஸோ முட்டையோ வேகவைத்திருக்கக்கூடும், நடப்பதுதான். கொதித்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மசாலா வாசனை வந்தால் இன்னொரு முறை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள்.

அடுப்பில்லாமல் பால்

பலருக்குக் காபி கெடுவது இங்கேதான். டிகாக்‌ஷன் பிரமாதமாக இறங்கியிருக்கும், அதில் வெதுவெதுப்பான பாலை ஊற்றி மொத்தத்தையும் ஆறிய காபியாக்கிவிடுவார்கள். கெட்டிலிலேயே பாலைக் கொதிக்கவைக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். பால் அடியில் பிடித்துத் தீய்ந்துவிடும், பொங்கி மின் இணைப்பிலும் இறங்கும்.

இதற்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் தூக்கு ஒன்று கொண்டுபோனால் போதும். பயணத்தில் ஏரோபிரஸ், காகிதம், தூள் உறை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அறைக்கு வந்ததும் அது வெந்நீர்த் தொட்டி. முதலில் 160 மில்லி பாலை ஓர் எவர்சில்வர் தம்ளரில் ஊற்றித் தூக்குக்குள் இறக்குங்கள். பிறகு கெட்டிலில் கொதித்த தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே, பால் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி, தூக்கின் மூடியைப் போட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து கரண்டியால் கலக்குங்கள். கலக்காவிட்டால் ஓரம் மட்டும் சுடும், நடுவில் பால் குளிர்ந்தே இருக்கும்.

நாலு நிமிடத்தில் வெளித் தண்ணீரின் சூடு இறங்கிவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலென்றால் இன்னும் வேகமாக இறங்கும். அப்போது பாதித் தண்ணீரைக் கவனமாகச் சரித்துக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொதித்ததை ஊற்றுங்கள். இரண்டாவது சுற்று முடிகிறபோது, தம்ளரின் விளிம்பை இரண்டு எண்ணும்வரைதான் பிடிக்க முடியும் என்ற நிலை வரும். அதுதான் பதம். பால் பொங்காது, ஆடை கட்டாது, ஆனால் காபிக்குத் தேவையான சூடு இருக்கும்.

பாக்கெட் பால் பதப்படுத்தியது என்பதால் இந்தச் சூடு போதுமானது. பக்கத்து வீட்டில் கறந்த பாலென்றால் இந்த முறை ஆகாது, அதைப் பொங்கக் காய்ச்சித்தான் ஆகவேண்டும். முந்தின இரவே சமையற்கட்டில் "அக்கா, ஒரு சொம்புப் பாலைக் காய்ச்சி ஃபிரிட்ஜில வச்சுத் தாங்க" என்று சொல்லி வைத்தால் வேலை முடிந்தது. அறையில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால், கெடாத டெட்ரா பாக்கெட் பால் 200 மில்லியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிரிக்கும்வரை வெளியிலேயே இருக்கும்.

பால் திரிந்தால் காபிமேல் பழிபோட வேண்டாம். நல்ல பாலைக் காபி திரிக்காது. ஏற்கனவே புளிக்கத் தொடங்கிய பால், சூடும் காபியின் லேசான புளிப்பும் சேர்ந்ததும் திரிந்துவிடும். அதனால் டிகாக்‌ஷனைப் பாலில் ஊற்றும் முன்பு ஒரு கரண்டிப் பாலில் சில சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது. செட்டிநாட்டு வெயிலில் காலையில் வாங்கிய பால் மத்தியானத்துக்குள் மாறிவிடும்.

டிகாக்‌ஷன் இறக்குதல்

கணக்கு இதுதான்: 17 கிராம் தூள், 90 மில்லி தண்ணீர். தூள் 30 மில்லி அளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும், மீதி 60 மில்லி டிகாக்‌ஷன். அதோடு 160 மில்லி பால் சேர்த்தால் இரண்டு டபரா, ஆளுக்கு 110 மில்லி. 90 மில்லியை அறையில் அளப்பது சிரமம். வீட்டிலேயே ஒருமுறை 17 கிராம் தூளையும் 90 மில்லி தண்ணீரையும் ஊற்றி, மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே குழாயின் வெளியில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கோடுதான் அளவு.

பாலை இரண்டாவது வெந்நீரில் வைத்தவுடன் இந்த வேலையைத் தொடங்கலாம். மூடியில் காகிதத்தை வைத்து வெந்நீரால் நனையுங்கள். நனைந்த காகிதம் மூடியோடு ஒட்டிக்கொள்ளும், மடிப்பு விழாது. காபியில் வண்டல் வருவதற்குப் பெரும்பாலும் மடிந்த காகிதமே காரணம். மூடியைக் குழாயில் திருகுமுன் குழாயின் விளிம்பில் தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். ஒரு துகள் நடுவில் மாட்டினால்கூட மூடி கோணலாக இறுகி, தள்ளும்போது பக்கவாட்டில் பீச்சியடிக்கும்.

எதன்மேல் வைத்துத் தள்ளுவது என்பதும் முக்கியம். குழாயின் அடியில் இருக்கும் அகல விளிம்பு பாத்திரத்தின் வாயில் நன்றாக உட்கார வேண்டும். டபரா பொதுவாக அகலம் அதிகம், குழாய் உள்ளே விழுந்துவிடக்கூடும். தம்ளர் சிறியதென்றால் மூடி நுழையாது. கெட்டியான எவர்சில்வர் தம்ளர் ஒன்றை வீட்டிலேயே பொருத்திப் பார்த்து எடுத்துப்போங்கள். விடுதியின் கண்ணாடிக் கிளாசில் மட்டும் வைத்துத் தள்ள வேண்டாம்.

தூளைப் போட்டு, குழாயை லேசாகத் தட்டிச் சமமாக்குங்கள். அழுத்தக் கூடாது. கெட்டில் கொதித்து நின்றபின் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கருக வறுத்த கொட்டையும் சிக்கரியும் கசப்பை முதலில் விட்டுவிடும். கோடு வரை ஊற்றி, மூன்று முறை, மூன்றே முறை மெதுவாகக் கலக்குங்கள். இங்கேதான் கை துறுதுறுக்கும். கலக்கக் கலக்க நைசான துகள் எல்லாம் கீழே இறங்கிக் காகிதத்தை அடைக்கும்.

கலக்கியதும் தள்ளுகோலைக் குழாயின் வாயில் ஒரு விரல் அளவு செருகி, ஒரு மயிரிழை மேலே இழுத்து விட்டுவிடுங்கள். உள்ளே உண்டாகும் உறிஞ்சல், தண்ணீரைச் சொட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் முறை ஒன்றையும் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். கட்டில் பக்கத்து ஆடும் மேசையில் கொதிநீரோடு அந்த வித்தை வேண்டாம்.

இரண்டு நிமிடம் ஊறட்டும். பிறகு தள்ளுங்கள். மேசை உயரமாக இருந்தால் தரையிலோ தாழ்ந்த முக்காலியிலோ வைத்து, முழங்கையை நிமிர்த்தி உடல் எடையை மெல்ல இறக்கினால் போதும், புஜபலம் தேவையில்லை. ஆத்தங்குடித் தரையென்றால் கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். சிமென்ட் ஓடு என்பதால் சிந்திய டிகாக்‌ஷன் உள்ளே இறங்கிக் கறையாகும். முப்பது முதல் நாற்பத்தைந்து நொடியில் தள்ளுகோல் கீழே வந்து சேரும். 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்டவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் பிழிந்தால் வருவது கசப்புதான்.

தள்ளுகோல் இறங்காமல் ரப்பர்போல மேலே திருப்பித் தள்ளினால் அடைத்துக்கொண்டது என்று பொருள். பலம் கூட்டாதீர்கள். கால் அங்குலம் மேலே இழுத்து இருபது நொடி பொறுங்கள். காகிதத்தின்மேல் படிந்த பூச்சு கொஞ்சம் தளர்ந்து வழி கிடைக்கும். மறுபடி முன்பைவிட மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தும் நகரவில்லை என்றால் அடுத்த முறைக்குத் தூளை 13 கிராமாகக் குறையுங்கள், கலக்குவதை ஒரே முறையாக்குங்கள். முப்பது சதவீதச் சிக்கரித் தூளுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த அளவுதான். சிக்கரி தன் பங்குக்கு நிறமும் கனமும் கொடுத்துவிடுவதால் தூள் குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. காகிதத்துக்குப் பதில் உலோகச் சல்லடை போட்டால் அடைக்காது என்பார்கள். உண்மைதான், ஆனால் சிக்கரி வண்டல் முழுக்கத் தம்ளரின் அடியில் வந்து நிற்கும்.

இனி கலப்பது. டபராவையும் தம்ளரையும் வெந்நீர் ஊற்றிக் கொட்டிச் சூடாக்கி, சர்க்கரை போட்டு, ஆளுக்கு 30 மில்லி டிகாக்‌ஷன், மேலே பால். ஆற்றுவதென்றால் ஒரே ஆற்று. அடுப்புப் பால்போல இது கொதித்ததில்லை, நாலு முறை உயரத் தூக்கி ஆற்றினால் நுரை மிஞ்சும், சூடு மிஞ்சாது.

குடித்துப் பார்த்து அடுத்த முறைக்குத் திருத்துங்கள். நாக்கின் ஓரத்தில் புளித்து உடனே மறைந்துவிட்டால், தூள் கொரகொரப்பு கூடிவிட்டது அல்லது தண்ணீர் ஆறிவிட்டது. ஊறும் நேரத்தை மூன்று நிமிடமாக்குங்கள். விழுங்கியபின்னும் தொண்டையில் கசப்பு நின்றால் கொதிநீரைச் சீக்கிரம் ஊற்றியிருப்பீர்கள், அல்லது கடைசிவரை பிழிந்திருப்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பிரான்மலை ஏறுகிறவர்களுக்கு

பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை, செட்டிநாட்டிலிருந்து அரைநாள் ஏற்றத்துக்குத் தோதானது. மேலே போய்க் காபி போட அடுப்பு தூக்கிப்போகத் தேவையே இல்லை, கூடவும் கூடாது. காய்ந்த புல்லும் காற்றும் உள்ள மலையில் ஒரு பொறி போதும். ரயிலில் கேஸ் குப்பியைக் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. அரை லிட்டர் வெற்றிடப் பிளாஸ்க் ஒன்றுதான் தேவை.

பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, புதிதாகக் கொதித்ததைக் கழுத்துவரை நிரப்புங்கள். நல்ல பிளாஸ்கென்றால் மூன்று மணி நேரம் கழித்தும் டிகாக்‌ஷனுக்குப் போதுமான சூடு இருக்கும். ஆனால் கெட்டிலிலிருந்து ஊற்றுவதைவிடக் குறைவுதான். அதனால் ஒரு நிமிடம் ஆறவிட வேண்டாம், திறந்ததும் ஊற்றுங்கள், மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும் என்பது சரிதான், ஆனால் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்பதுதான் கணக்கு. பிளாஸ்க் தண்ணீரோடு பிரான்மலை ஏறுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கவனிக்க வேண்டியது காற்று. குழாயின் மேல் தள்ளுகோலைச் செருகியவுடன் ஒரு துண்டால் சுற்றிவிடுங்கள்.

மலைமேல் திரவப் பால் சரிப்படாது, பால்பவுடர்தான். 160 மில்லிக்கு 22 கிராம், மேசைக்கரண்டியில் தலைதட்டி மூன்றே கால். முதலில் இரண்டு கரண்டி ஆறிய தண்ணீரில் குழைத்துப் பசையாக்கி, அதன்பின் பிளாஸ்க் தண்ணீரை ஊற்ற வேண்டும். நேராகச் சுடுநீரில் போட்டால் கட்டிகட்டியாக உருளும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. காபிக்கென்று விற்கும் ஒயிட்னர் வகைகளில் பலவற்றில் சர்க்கரை ஏற்கனவே சேர்ந்திருக்கும், உறையைப் படித்துவிட்டுச் சர்க்கரை போடுங்கள்.

மூடியைக் கழற்றிக் கோலை அமுக்கினால் சக்கை வட்டமாகக் கழன்று விழும். அதைப் பாறையிடுக்கில் தட்டிவிடாதீர்கள். தூள் வந்த ஜிப் உறையிலேயே போட்டுக் கீழே கொண்டுவாருங்கள், மலையில் கோயிலும் தர்காவும் இருக்கின்றன. அறையிலும் சக்கையைக் கைகழுவும் தொட்டியில் போடக் கூடாது. சிக்கரிக் கொழகொழப்பு குழாய் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கருவியைக் கழுவியதும் தள்ளுகோலை உள்ளே பாதியில் விடாமல், ஒன்று முழுக்க வெளியே எடுத்து, இல்லாவிட்டால் அடிவரை தள்ளி ரப்பர் முனை வெளியே தெரியும்படி வைத்துத் தூக்குக்குள் போடுங்கள். நடுவில் நசுங்கியே கிடந்த ரப்பர் சில மாதத்தில் சுருங்கி, பக்கவாட்டில் டிகாக்‌ஷனை ஒழுகவிடத் தொடங்கும்.